‘கிளைட் பாத்’: எது இறங்குகிறது?

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருக்கும் அக்கா ஓர் ஆசிரியை. மகளின் பல்கலைக்கழகச் செலவுக்காகச் சேமிக்கிறார். முதலீட்டுக் கையேடு ஒன்றின் தமிழ் வரைவு என்னிடம் திருத்தத்துக்கு வந்திருந்தது. ஆசிரியர்களுக்கும் விளங்குகிறதா என்று பார்க்க அதை அவரிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, “தம்பி, இதில சறுக்குப் பாதை எண்டு போட்டிருக்கு. அப்ப எங்கட காசு சறுக்குமோ?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது. தமிழில் பங்குகள் சறுக்கின என்றால் விலை விழுந்தது என்றுதான் பொருள். இலக்கு நெருங்க நெருங்கப் பங்குகளைக் குறைத்துச் சேமிப்பைக் காக்கும் ஒரு முறைக்கு அந்தப் பெயரை வைத்தால், படிக்கிறவர் பயந்து ஒதுங்குவார்.

வரைவில் சறுக்குப் பாதை என்று பெயர்த்திருந்த ‘கிளைட் பாத்’ என்ற ஆங்கிலச் சொல் விமானத் துறையிலிருந்து வந்தது. கட்டுநாயக்காவில் இறங்கும்போது நீர்கொழும்புக் களப்பு மெல்ல மெல்ல அருகில் வருவதைச் சன்னலோரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் படம் தெரியும். ஓடுபாதையை நோக்கி விமானம் இறங்கும் அந்தச் சாய்கோடுதான் கிளைட் பாத். வழக்கமான சாய்வு ஏறக்குறைய 3 பாகை. ஓடுபாதைக்கு 10 கடல் மைல் இருக்கும்போது உயரம் சுமார் 3,000 அடி, 5 மைலில் 1,500 அடி என்று தூரமும் உயரமும் சேர்ந்தே குறையும். கடைசி மைல் வரை உயரத்திலேயே இருந்துவிட்டுத் திடீரென்று கீழே குதிக்க முடியாது. சொல்லின் முதற்பாதிக்கு மிதந்தபடி வழுவழுவென்று போவது என்பது பொருள். ஆனால் பயணிகள் விமானம் இயந்திரம் ஓடியபடிதான் இறங்குகிறது. அது விமானியின் கட்டுப்பாட்டில் நடக்கும் இறக்கம், சறுக்கல் இல்லை.

முதலீட்டில் தூரத்தின் இடத்தில் நிற்பது, இலக்குக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்ற கணக்கு. உயரத்தின் இடத்தில் நிற்பது, மொத்தப் பணத்தில் பங்குகளின் விகிதம். மொழிபெயர்ப்பில் நழுவிப்போவது இந்த இரண்டாவது விஷயம்தான். இறங்குவது பணத்தின் மதிப்பென்று வாசகர் நினைக்கிறார். உண்மையில் பங்கு விகிதம் இறங்கும்போதே மொத்தத் தொகை ஏறிக்கொண்டும் இருக்கலாம். ஆகவே நான் ‘இறங்குபாதை’ என்ற சொல்லை எடுத்து, முதல் முறை வரும் இடத்தில் ‘பங்கு விகிதத்தின் இறங்குபாதை’ என்று முழுதாக எழுதினேன். எது இறங்குகிறது என்று சொன்ன பிறகுதான் சொல்லைச் சுருக்க வேண்டும்.

அக்காவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் தொடங்கியபோது மகளுக்கு 8 வயது, 18 வயதில் பணம் வேண்டும், கையில் 10 ஆண்டு. சீட்டு எடுத்த 8 லட்சம் ரூபாயை முதலில் போட்டார். மாதம் 25,000, அதாவது ஆண்டுக்கு 3 லட்சம், சேர்க்கிறார். அவருக்கு நாங்கள் போட்ட விதி மிகச் சுருக்கமானது: மீதமுள்ள ஆண்டுகளை 7ஆல் பெருக்கினால் வருவது பங்குகளின் விகிதம். 10 ஆண்டு இருக்கையில் 70%, 5 ஆண்டில் 35%, ஒரே ஆண்டில் 7%. இந்த 7 என்ற எண்ணில் எந்த மந்திரமும் இல்லை. கூடுதல் ஏற்ற இறக்கம் தாங்கக்கூடியவர் 8 வைக்கலாம். ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த ஓர் எண் இருக்க வேண்டும். சந்தையைப் பார்த்துப் பார்த்து மாற்றினால் அது இறங்குபாதை ஆகாது.

மீதம் 5 ஆண்டு இருக்கும்போது அவரிடம் 30 லட்சம் இருக்கிறது என்று வைப்போம். பங்கில் 10.5 லட்சம், பாதுகாப்பான பக்கத்தில் 19.5 லட்சம். அடுத்த ஆண்டில் பங்குகள் 20% ஏறி, பாதுகாப்பான பக்கம் 10% வட்டி தந்து, அவருடைய 3 லட்சமும் அந்தப் பக்கத்தில் சேர்ந்தால், பங்கில் 12.6 லட்சம், மறுபக்கம் 24.45 லட்சம், மொத்தம் 37.05 லட்சம். மீதம் 4 ஆண்டு என்பதால் பங்கு 28% இருக்க வேண்டும், அதாவது 10.37 லட்சம். ஆக ஏறிய சந்தையில் சுமார் 2.2 லட்சத்துக்குப் பங்கை விற்று மறுபக்கம் மாற்றுகிறார். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்.

சந்தை 30% விழுந்தால்? பங்கு 7.35 லட்சமாகிவிடும். மறுபக்கம் அதே 24.45 லட்சம். மொத்தம் 31.8 லட்சம். அதில் 28% என்பது 8.9 லட்சம். பங்கில் இருப்பதோ 7.35 தான். அதாவது விழுந்த ஆண்டில் அவர் விற்கவே வேண்டியதில்லை, புதிதாகச் சேர்த்த 3 லட்சத்தில் ஒன்றரை லட்சத்தைப் பங்கில் போட வேண்டும்! இறங்குபாதை என்றால் ஆண்டுதோறும் பங்கை விற்பது என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். இறங்குவது விகிதம். சந்தையே அந்த விகிதத்தைக் கோட்டுக்குக் கீழே தள்ளிவிட்டால், மேலே ஏற்றித்தான் கோட்டுக்கு வர வேண்டும்.

கடைசி ஆண்டில் இந்தப் பாதை எவ்வளவு காக்கிறது என்றும் பார்த்துவிடலாம். 50 லட்சம் சேர்ந்திருக்க, பங்கில் 7% என்றால் 3.5 லட்சம். சந்தை 40% விழுந்தால் நட்டம் 1.4 லட்சம். தொடக்கத்தில் வைத்த 70%ஐ அப்படியே விட்டிருந்தால் நட்டம் 14 லட்சம். கற்பனை எண் என்று தள்ள முடியாது. கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டி நின்றது, அந்த ஆண்டு முடிவில் 8,500ஐ ஒட்டி இருந்தது. இடையில் ஏப்ரலில் சந்தையையே சில நாட்கள் மூடி வைத்தார்கள். அந்த ஆண்டு கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர் விற்க நினைத்தாலும் அந்த நாட்களில் விற்றிருக்க முடியாது.

இந்த வேலையை முதலீட்டாளருக்குப் பதிலாகத் தானே செய்யும் நிதியத்துக்கு ஆங்கிலத்தில் டார்கெட் டேட் ஃபண்ட் என்று பெயர். 1990களில் அமெரிக்காவில் வந்தது. பெயரில் ஓர் ஆண்டு இருக்கும், 2030, 2045 என்று. நீங்கள் ஓய்வுபெறும் ஆண்டுக்குக் கிட்டியதை வாங்கினால், நிதியம் தன் பங்கு விகிதத்தை அந்த ஆண்டை நோக்கிக் குறைத்துக்கொண்டு வரும்.

வரைவில் இதற்கு ‘முதிர்வு நிதியம்’ என்று இருந்தது. இது சறுக்குப் பாதையை விட ஆபத்தான சொல். கொழும்பில் ‘முதிர்வு’ என்றால் நிலையான வைப்பு. அந்தத் திகதியில் வங்கிக்குப் போனால் முதலும் வட்டியும் கையில். இந்த நிதியமோ அப்படி எந்த வாக்கும் தருவதில்லை. 2008இல் இதை அமெரிக்கர்கள் கசப்பாகக் கற்றார்கள். 2010 என்று பெயர் போட்ட நிதியங்கள், ஓய்வுக்கு இரண்டே ஆண்டு இருந்தவர்களின் பணம், அந்த ஒரே ஆண்டில் சராசரியாக ஏறக்குறைய கால் பங்கை இழந்தன. மிக மோசமானது 41% இழந்தது. 2009 ஜூனில் அங்குள்ள பங்குச் சந்தை ஆணைக்குழுவும் தொழிலாளர் துறையும் சேர்ந்து விசாரணை நடத்தின.

ஒரே ஆண்டைப் பெயரில் வைத்தவை எப்படி இவ்வளவு வேறுபட்டன? பாதை எங்கே முடிகிறது என்பதில் நிறுவனங்கள் ஒன்றுபடவில்லை. சிலவற்றின் பாதை இலக்கு ஆண்டோடு முடியும், அதற்குப் பிறகு விகிதம் மாறாது. சிலவற்றின் பாதை அந்த ஆண்டைத் தாண்டி இன்னும் பல ஆண்டு இறங்கும், ஏனென்றால் ஓய்வுபெற்றவர் பணத்தை ஒரேயடியாக எடுக்காமல் 20, 30 ஆண்டு செலவழிப்பார் என்பது அவர்கள் கணிப்பு. இரண்டாவது வகையில், பெயரில் உள்ள ஆண்டு வந்தபோதும் பாதியளவு பங்கு இருப்பது சாதாரணம். நான் முதலாவதை ‘இலக்கில் முடியும் பாதை’ என்றும், மற்றதை ‘இலக்கைத் தாண்டும் பாதை’ என்றும் எழுதினேன். நிதியத்துக்கு ‘இலக்காண்டு நிதியம்’. இலக்கு என்பது நோக்கிப் போவது. அங்கே என்ன கிடைக்கும் என்று அது உறுதி சொல்லவில்லை. அக்காவைப் போல ஒரே முறை பணம் எடுக்கப் போகிறவருக்கு இலக்கைத் தாண்டும் பாதை பொருந்தாது. நிதியத்தின் ஆவணத்தில் ‘இலக்கு ஆண்டில் பங்கு எத்தனை வீதம்’ என்ற ஒரு வரியைத் தேடிப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும்.

சரி, பாதுகாப்பான பக்கம் என்று சொல்லிக்கொண்டே வந்தோமே, அது என்ன? பாதுகாப்பு என்ற சொல்லுக்குள்ளும் ஓர் இறங்குபாதை இருக்கிறது. நீண்ட காலத் திறைசேரி முறியும் அரசாங்கக் கடன்தான், ஆனால் வட்டி ஏறினால் அதன் சந்தை விலை விழும். 2022இல் அரசாங்கத்தின் குறுகிய காலக் கடனான திறைசேரி உண்டியலின் வட்டி 30%ஐ ஒட்டி ஏறியபோது, பழைய குறைந்த வட்டியில் வாங்கிய நீண்ட முறிகளை இடையில் விற்க வேண்டியிருந்தவர்கள் நட்டப்பட்டார்கள். 91, 182, 364 நாள் உண்டியல் வைத்திருந்தவர்களோ முதிர்ந்ததும் புதிய வட்டியில் மறுபடி போட்டார்கள். எனவே இலக்கு நெருங்க நெருங்கப் பங்கு விகிதம் குறைவதோடு, கடன் பத்திரங்களின் காலமும் சுருங்க வேண்டும். அதே 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70%ஐ நெருங்கியது. உண்டியல் பணத்தின் எண்ணைக் காத்தது, அதன் வாங்கும் சக்தியைக் காக்கவில்லை. இறங்குபாதையால் அந்த அடியைத் தடுக்க முடியாது.

சம்பளக்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியத்தின் பணத்தில் மிகப் பெரும்பகுதி அரசாங்கப் பிணையங்களில்தான் இருக்கிறது. ஓய்வுக்கான இறங்குபாதை போடும் தனியார் துறை ஊழியர், அந்த நிதியத்தில் உள்ள தன் பணத்தையும் பாதுகாப்பான பக்கத்தில் சேர்த்துத்தான் விகிதம் பார்க்க வேண்டும். அதை மறந்துவிட்டு வெளியே இருக்கும் சேமிப்பையும் முழுதாக நிலையான வைப்பில் போட்டால், 30 வயதிலேயே விமானம் தரையில் நிற்கும்.

திருத்திய வரைவை அக்கா முழுதும் படித்தார். படித்துவிட்டு, “பிள்ளை வெளியில படிக்கப் போனா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வரைவில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐ ஒட்டிவிட்டது. ரூபாயில் 7% பங்கு, 93% உண்டியல் என்று அழகாக இறங்கியிருந்தவரும், கட்டணம் டொலரில் என்றால் வேறொரு ஊரில் தரையிறங்கியிருப்பார். பாதுகாப்பான பக்கம் எந்த நாணயத்தில் இருக்க வேண்டும் என்பதைச் செலவு எந்த நாணயத்தில் வரும் என்பதுதான் தீர்மானிக்கும். ‘இறங்குபாதை’ விளக்கத்துக்கு அடியில் அதை ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பினேன். மகள் எங்கே படிப்பாள் என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை.