துபாய்க்குப் போகும் சான்றிதழ்: எந்த முத்திரைக்குப் பிறகு எந்த முத்திரை

சேலத்துக்காரர்களுக்கு வளைகுடா புதிதல்ல. ஆனால் கல்யாணச் சான்றிதழையோ குழந்தையின் பிறப்புச் சான்றிதழையோ அங்கே செல்லுபடியாக்குவது பற்றிக் கேட்டால், தெருவுக்கு ஒரு பதில் கிடைக்கும். சவூதி போய் வந்த மாமா ஒன்று சொல்வார், ஓமானில் இருக்கும் மச்சான் வேறு சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் நாட்டுக்குச் சரியாகவே இருக்கலாம். நம் சான்றிதழ் போகும் நாட்டுக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் ஓர் ஆவணம் போவதற்கு அப்போஸ்டில் என்ற ஒரே சான்று போதும், தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. இந்தியா 2005 ஜூலையிலிருந்து இதில் இருக்கிறது. வளைகுடாவில் ஓமானும் பஹ்ரைனும் சில ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்துவிட்டன. சவூதிக்கு 2022 டிசம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சவூதி போனவருடைய அனுபவம் இன்றைக்கு உதவாது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் மூன்றும் ஒப்பந்தத்துக்கு வெளியே. நாடுகள் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருப்பதால், பணம் கட்டுவதற்கு முன் hcch.net தளத்தில் உள்ள உறுப்பு நாடுகள் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெளியே உள்ள நாடுகளுக்குத்தான் தூதரகச் சான்றொப்பம் தேவைப்படுகிறது. இதில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் வரிசை தானாகவே நினைவில் நிற்கும். எந்த முத்திரையும் சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. தனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர் உண்மையான அதிகாரிதானா என்பதை மட்டும் சொல்கிறது. சேலத்து சார்பதிவாளரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று டெல்லியில் இருக்கும் அமீரகத் தூதரகத்துக்குத் தெரியாது. மாநில அரசுக்குத் தெரியும். மாநில அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து இந்திய வெளியுறவு அமைச்சகத்திடம் இருக்கிறது. அமைச்சகத்தின் கையெழுத்தைத் தூதரகம் அறியும். தூதரகத்தின் கையெழுத்தை அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் அறியும். நடுவில் ஒருவரை விட்டுவிட்டு மேலே போனால், அங்கே இருப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எந்த மாதிரியும் இருக்காது. அதனால்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு துபாயில் வேலை, சொந்த வீடு அம்மாப்பேட்டையில். கல்யாணம் சேலத்தில் நடந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. மனைவிக்குத் தாய்வீடு பெங்களூரு. தலைப்பிரசவம் அங்கேதான் நடந்தது, அதனால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் பெங்களூரில் வாங்கியது. இப்போது குடும்ப விசாவுக்குக் கணவர் இரண்டையும் கேட்கிறார்.

பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒரே கவரில் போட்டு சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே கல்யாணச் சான்றிதழ் நகரும், பிறப்புச் சான்றிதழ் நகராது. ஆவணம் எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டதோ அந்த மாநில அரசுதான் முதல் சான்று தர முடியும். நாம் குடியிருக்கும் மாநிலம் இதில் கணக்கே இல்லை. ஆகவே கல்யாணச் சான்றிதழ் சென்னைத் தலைமைச் செயலகத்துக்கும், பிறப்புச் சான்றிதழ் பெங்களூருக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். மாநில உள்துறை தரும் இந்த முதல் சான்றை ஏஜெண்டுகள் ஹோம் அட்டெஸ்டேஷன் என்பார்கள். ஓசூர், பெங்களூரு பக்கம் சம்பந்தம் உள்ள சேலம், தருமபுரி குடும்பங்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது. கர்நாடகத்தில் நர்சிங் படித்துவிட்டு வந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பட்டம் கர்நாடகத்துடையது என்றால் அதற்கான மாநிலச் சான்றும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

பட்டச் சான்றிதழைப் பொறுத்தவரை முதல் படியில் மட்டும் துறை மாறும். உள்துறைக்குப் பதில் மாநிலத்தின் உயர்கல்வித் துறை கையெழுத்துப் போடும். புழக்கத்தில் எச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன் என்பது இதைத்தான். பட்டம் உண்மையானதுதானா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டு உறுதி செய்த பிறகே முத்திரை விழும் என்பதால், இந்தப் படிதான் அதிக நாளை விழுங்கும். வணிக ஆவணங்களுக்கு வணிகர் சங்கத்தின் சான்றில் தொடங்க வேண்டும். ஜவ்வரிசியோ கொலுசோ ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது பழகிய வழி, அதற்குள் நான் போகவில்லை.

மாநிலச் சான்று கிடைத்ததும் இரண்டு சான்றிதழும் மறுபடி ஒன்றாகச் சேரலாம். அடுத்தது இந்திய வெளியுறவு அமைச்சகம். பொதுமக்களிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை, அமைச்சகம் நியமித்த முகமைகள் வழியாகத்தான் கொடுக்க முடியும். சேலத்திலிருந்து இதற்காக டெல்லி போக வேண்டிய அவசியமும் இல்லை, சென்னையிலேயே அமைச்சகத்தின் கிளைச் செயலகம் இருக்கிறது. அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை. அப்போஸ்டிலுக்கு 50 ரூபாய். இதற்கு மேல் முகமையின் சேவைக் கட்டணம் ஒரு சிறு தொகை வரும். ஏஜெண்ட் சொல்லும் ஆயிரக்கணக்கான ரூபாயில் அமைச்சகத்தின் பங்கு இவ்வளவுதான். மீதி மாநிலப் படிக்கான அலைச்சல், தூதரகக் கட்டணம், கூரியர், அவருடைய லாபம். எந்தப் படிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொன்னால் தயங்குகிறவரிடம் நான் ஒரிஜினலைக் கொடுக்கமாட்டேன்.

இந்தக் கட்டத்தில் ஒரு குழப்பம் வரும். அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஸ்டிக்கர் சான்றிதழின் பின்புறம் ஒட்டிவிட்டால், 'வேலை முடிஞ்சுது, எல்லா நாட்டுக்கும் செல்லும்' என்று சில இடங்களில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். துபாய்க்கு அது முடிவல்ல. அமீரகத் தூதரகத்தின் முத்திரை அதற்கு மேல் விழுந்தாக வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும்போதே போகும் நாட்டின் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட்டால் இந்தத் தகராறு வராது.

பிறகு தூதரகம். அமீரகத்துக்கு டெல்லியில் தூதரகமும் திருவனந்தபுரம் உள்ளிட்ட ஊர்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. செலவின் பெரும்பகுதி இங்கேதான். வெளியுறவு அமைச்சகத்தின் சான்று இல்லாமல் இங்கே எதையும் தொடமாட்டார்கள்.

தூதரக முத்திரையோடு சான்றிதழ் துபாய் போய்ச் சேர்ந்தபின் கடைசி முத்திரை பாக்கி இருக்கும். அது அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, அங்கே இருப்பவர்கள் மோஃபா என்பார்கள். இதைக் கணவர் அங்கேயே முடிக்க வேண்டும். கல்யாணம், பிறப்பு போன்ற தனிநபர் ஆவணம் ஒன்றுக்கு 150 திர்ஹம். அரபி மொழிபெயர்ப்பு கேட்டால், அங்கே உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரிடம் எல்லா முத்திரையும் விழுந்த பிறகு செய்துகொள்வதுதான் நல்லது. சேலத்திலேயே அரபியில் பெயர்த்து நோட்டரி போட்டு அனுப்பினால் அந்தக் காசு வீண்.

நோட்டரி என்றதும் ஒன்று. கலெக்டர் ஆபீஸ் பக்கம் நோட்டரி முத்திரை வாங்கிவிட்டாலோ, தெரிந்த அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிவிட்டாலோ முதல் படி முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சில மாநிலங்களில் உள்துறைக்கு முன் நோட்டரி கேட்பதுண்டு, ஆனால் நோட்டரி முத்திரை மட்டும் இருந்தால் வெளியுறவு அமைச்சகம் ஏற்காது. ஜெராக்ஸ் மீது வாங்கும் 'உண்மை நகல்' கையெழுத்துக்கும் இந்த வரிசையில் இடமில்லை. முத்திரைகள் அசல் சான்றிதழின் பின்புறத்திலோ, அதோடு இணைத்த தாளிலோதான் வர வேண்டும்.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. மாநிலத் துறைக்குப் பதிலாக டெல்லியில் எஸ்.டி.எம். எனப்படும் கோட்ட அளவிலான நிர்வாக அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அமைச்சகத்துக்குக் கொண்டுபோவார்கள். விரைவில் முடியும், செலவும் குறையும். ஆனால் எல்லா நாட்டுத் தூதரகமும், எல்லா நிறுவனமும் இதை ஏற்பதில்லை. முக்கியமாகப் பட்டச் சான்றிதழுக்கு மாநிலக் கல்வித் துறைச் சான்றுதான் வேண்டும் என்று வற்புறுத்தும் இடங்கள் உண்டு. எந்த வழி என்று வேலை தருபவரிடம் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொண்டு ஏஜெண்டிடம் போங்கள்.

முத்திரைக்கு முன்பே பார்க்க வேண்டியவைதான் உண்மையில் நாளைத் தின்கின்றன. நம்மூரில் முதல் தலைவலி இனிஷியல். கல்யாணச் சான்றிதழில் 'செ. கார்த்திக்' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வராஜ்' என்று இருக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் 'கார்த்திக்'. இந்தியாவில் எல்லா முத்திரையும் தடையின்றி விழுந்துவிடும், ஏனென்றால் மேலே சொன்னதுபோல யாரும் உள்ளே இருப்பதைப் படித்து ஒப்பிடுவதில்லை. துபாயில் விசா கவுண்டரில்தான் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே நின்றுபோனால், சான்றிதழைத் திருத்திப் புதிது வாங்கி, முதல் முத்திரையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். பழைய சான்றிதழில் விழுந்த முத்திரைகள் புதியதற்கு வராது. ஆகவே பாஸ்போர்ட்டை நடுவில் வைத்து, கணவன், மனைவி, குழந்தை மூவரின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

இரண்டாவது தலைவலி லேமினேஷன். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அம்மா செய்தது. பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது, பிளாஸ்டிக்கை உரித்தால் தாள் கிழியும். கல்யாண, பிறப்புச் சான்றிதழ் என்றால் உரிக்காமல், பதிவு அலுவலகத்தில் புதிய சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய சான்றிதழில் கையெழுத்திட்டவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார், அவருடைய மாதிரியைத் தேடுவதற்குள் மாநிலத் துறை தாமதிக்கும். புதிய நகலில் இப்போதைய அதிகாரியின் கையெழுத்து இருப்பதால் சீக்கிரம் நகரும். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா, ஆங்கிலத்திலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவமானவுடன் வாங்கியதில் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும்.

ஏஜெண்டிடமிருந்து திரும்பி வந்ததும் பின்புறத்தைத் திருப்பி, முத்திரைகளில் உள்ள தேதிகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். மாநிலம் முதலில், அமைச்சகம் அதற்குப் பின், தூதரகம் அதற்கும் பின். தேதி பின்னுக்குப் போனாலோ, கர்நாடகச் சான்றிதழில் தமிழ்நாட்டு அதிகாரியின் முத்திரை இருந்தாலோ, தனித்தாளில் போட்ட முத்திரை சான்றிதழோடு சேரும் இடத்தில் இணைப்பு முத்திரை இல்லாவிட்டாலோ விமானத்துக்கு அனுப்பாதீர்கள், அன்றைக்கே கேளுங்கள். மாநிலப் படியையும் சேர்த்து இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த முத்திரை எங்கே செய்தது என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.