சளி மாத்திரை எந்த நாட்டுக்குப் போகிறது?

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்காக எங்கள் மருந்துக்கடைக்கு வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காய்ச்சலுக்கு ரெண்டு அட்டை, மூக்கடைப்புக்கு ரெண்டு அட்டை, போன வருடம் இடுப்பு வலிக்கு எலும்பு டாக்டர் எழுதிக்கொடுத்தாரே அதில் ஒரு அட்டை, இருமலுக்கு ஒரு பாட்டில். அங்கே டாக்டரைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் ஆகுமாம், கையில் இருக்கட்டும் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் எந்த நாடு என்று கேட்காமல் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. இதில் ஒன்றிரண்டை சில நாடுகளின் சுங்க அதிகாரி மருந்தாகவே பார்க்க மாட்டார்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் சுற்றும் "வெளிநாட்டில் தடை செய்யப்பட்ட மருந்துகள்" பட்டியல்களில் இரண்டு தனித்தனி விஷயங்களைப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். நிமுசுலைட் என்ற வலி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலைப் பாதிக்கிறது என்று பின்லாந்தும் ஸ்பெயினும் 2002இல் விற்பனையை நிறுத்தின, சிங்கப்பூரும் அயர்லாந்தும் 2007இல். அமெரிக்காவில் அதற்கு அனுமதியே கொடுக்கவில்லை. நம் நாட்டில் 12 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2011இல் உத்தரவு வந்தது, பெரியவர்களுக்கு இன்னும் கிடைக்கிறது. இது பாதுகாப்பு பற்றிய தடை, அதாவது அந்த மருந்தை அங்கே விற்கக்கூடாது என்பது. இன்னொரு வகைத் தடை போதைப்பொருள் சட்டத்திலிருந்து வருவது. அதில் விற்பது மட்டுமல்ல, பெட்டியில் வைத்திருப்பதே குற்றமாகிவிடும். பயணம் போகிறவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

மூக்கடைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபிட்ரின் இருக்கிறது. மூக்குக்குள் வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி மூச்சு விட வழி செய்யும், நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் என்னவென்றால், மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளுக்கும் இதற்கும் வேதி அமைப்பில் வித்தியாசம் மிகக் குறைவு. ஒரு ஆக்சிஜன் அணுவை நீக்கினால் போதும். 1893இல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர் எபிட்ரினிலிருந்துதான் மெத்தாம்பெட்டமினைத் தயாரித்தார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அது ஃபிலோபான் என்ற பெயரில் ஜப்பான் மருந்துக்கடைகளிலேயே விற்றது, தூக்கம் வராமல் வேலை பார்க்க. போர் முடிந்ததும் நாட்டில் பெரிய அடிமைப் பழக்கமாகப் பரவி, 1951இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ஜப்பான் ஒரு சளி மாத்திரைக்குப் போய் இவ்வளவு கெடுபிடி செய்வானேன் என்று நினைப்பவர்களுக்கு விடை இந்தக் கதையில் இருக்கிறது.

அங்கே விதி விகிதத்தைப் பொறுத்தது. மருந்தின் மொத்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎபிட்ரின் இருந்தால் முன் அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுவரக்கூடாது. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் சூடோஎபிட்ரின், கூடவே 2.5 மில்லிகிராம் அலர்ஜி மருந்து, மாத்திரையின் மொத்த எடை 250 மில்லிகிராம் என்று வையுங்கள். 60ஐ 250ஆல் வகுத்தால் 24 சதவீதம், அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குள் போகக்கூடாது. இன்னொரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலோடு 30 மில்லிகிராம் சூடோஎபிட்ரின் இருக்கிறது, மொத்த எடை 650 என்றால் 5 சதவீதம்கூட வராது. ஜப்பான் மருந்துக்கடைகளிலேயே குறைந்த விகிதத்தில் சூடோஎபிட்ரின் சேர்ந்த மூக்கு மாத்திரைகள் கிடைக்கின்றன. ஆனால் நம் அட்டையில் மருந்தின் அளவைப் போடுவார்கள், மாத்திரையின் மொத்த எடையைப் போடுவதில்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சரியாகப் போடவே முடியாது. ஜப்பான் போகிறவருக்கு சூடோஎபிட்ரின் என்ற பெயர் அட்டையில் இருந்தாலே நான் கொடுப்பதில்லை. டாக்டர் சீட்டு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 10 சதவீதத்தைத் தாண்டிய மாத்திரைக்குச் சீட்டு மட்டும் போதாது.

இதே பொருளுக்கு அமெரிக்கா வேறு வழி பிடித்தது. அங்கே தடையில்லை, ஆனால் மருந்தாளுநரிடம் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும், ஒரு நாளைக்கு 3.6 கிராமுக்கு மேல் ஒருவருக்கு விற்கக்கூடாது.

அப்புறம் அந்த இடுப்பு வலி மாத்திரை. டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் சேர்ந்தது, எலும்பு டாக்டர்கள் நிறைய எழுதுவது. டிரமடால் ஓபியாய்டு வகை, அபினின் குணம் கொஞ்சம் உண்டு. சர்வதேசப் போதைப்பொருள் ஒப்பந்தங்களின் பட்டியலில் இது இல்லை. அதில் சேர்த்தால் ஏழை நாடுகளில் புற்றுநோயாளிகளுக்குக்கூட வலி மருந்து கிடைக்காமல் போய்விடும் என்ற கவலை ஒரு காரணம். அதனால் ஒவ்வொரு நாடும் தன் அனுபவத்தை வைத்துத் தனியாக முடிவெடுத்திருக்கிறது. ஜப்பானில் இது போதைப்பொருள் இல்லை, டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் சாதாரண மருந்து. இளைஞர்களிடம் போதையாகப் பரவிய எகிப்தில் கதையே வேறு. 2017இல் ஒரு பிரிட்டிஷ் பெண் முதுகு வலிக்காரரான தன் துணைவருக்காக 290 மாத்திரைகளோடு போய் இறங்கினார், மூன்று வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. துபாய், அபுதாபி போகிறவர்கள் டிரமடாலோ, சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீனோ எடுத்துப்போக வேண்டுமென்றால் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். இருமல் பாட்டிலைப் பற்றி நான் விசாரிப்பதும் இந்தக் கோடீனுக்காகத்தான்.

இவ்வளவுக்கும், டிரமடால் இந்தியாவிலும் சும்மா வாங்கக்கூடிய மருந்து இல்லை. 2018 ஏப்ரலில் இங்கேயும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அட்டையின் மூலையில் சிவப்பு எழுத்தில் என்.ஆர்.எக்ஸ். என்று போட்டிருந்தால் அது இந்த வகை. பழைய சீட்டைக் காட்டினால் கொடுத்துவிடும் கடைகள் இருப்பதால்தான் மக்களுக்கு இது தெரிவதில்லை. என் தொழில்காரர்களைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஆனாலும் உண்மை அது.

பெட்டி கட்டும்போது பிராண்டு பெயரை விட்டுவிட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் ஒவ்வொரு மருந்தின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரை வைத்துப் போகிற நாட்டின் தூதரக இணையதளத்தில் தேடுங்கள், ஏனென்றால் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அட்டையை வெட்டி நாலு மாத்திரை வாங்கும் பழக்கத்தைப் பயணத்துக்கு மட்டும் விட்டுவிடுங்கள். வெட்டிய துண்டில் பாதிப் பெயர்தான் இருக்கும், மருந்துப் பெயர் இருந்த பக்கம் எங்கள் கடை டிராயரிலேயே தங்கிவிடும். டப்பாவில் கொட்டி எடுத்துப்போவது இன்னும் மோசம். சீட்டில் டாக்டர் மருந்தின் பொதுப் பெயரை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் விரிந்தும் சுருங்கியும் கிடக்கும் நம் ஊர்ப் பெயர்களில் இது அடிக்கடி இடிக்கும்.

சளி, காய்ச்சலுக்கு என்று கேட்டால் நான் கொடுப்பது தனி பாராசிட்டமால் 500 ஒரு அட்டை, தனி செட்டிரிசின் ஒரு அட்டை, மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. நாலு மருந்து ஒன்றாகக் கலந்த மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.