வங்கி உத்தரவாதத்தின் கடைசிப் பத்தியை எப்படிப் படிப்பது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 40 லட்ச ரூபாய்க்கு வடிகால் வேலை எடுத்த ஒருவரிடம், அவர் தவறினால் வங்கி பணம் கொடுக்கும் என்ற உறுதியாக, 2 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் தரும்படி டெண்டர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி அடித்துத் தரும் பத்திரத்தை அவர் முதலில் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்க வேண்டும். மேலே என்ன எழுதியிருந்தாலும் இதுவே செல்லும் என்று தொடங்கும் அந்தப் பத்தி, உச்சவரம்புத் தொகையையும் இரண்டு தேதிகளையும் சொல்லும்.

முதல் தேதி, உத்தரவாதம் நடப்பில் இருக்கும் கடைசி நாள், அதை 31.03.2027 என்று கொள்வோம். இரண்டாவது, கோரிக்கைக் கடிதம் வங்கிக் கிளைக்கு வந்து சேர வேண்டிய கடைசி நாள், அது 30.06.2027. மார்ச் 31க்குள் நேர்ந்த தவறுக்காக, வேலை கொடுத்த அலுவலகம் ஜூன் 30 வரை பணம் கேட்கலாம். ஜூலை 1 அன்று வந்து சேரும் கடிதத்துக்கு வங்கி பொறுப்பாகாது. மார்ச்சோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி, ஈடாக வைத்த வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

பணம் கேட்கும் விதத்தைப் பத்திரத்தின் நடுப்பகுதி சொல்கிறது. "கேட்டவுடன், எவ்வித மறுப்புமின்றி" என்ற பொருளில் வாசகம் இருந்தால், தவறு உண்மையில் யாருடையது என்று வங்கி விசாரிக்காது, உங்களையும் கேட்காது. பணத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் கையெழுத்திட்ட எதிர் உத்தரவாதத்தின்படி உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளும். அப்பட்டமான மோசடி, பிறகு ஈடுசெய்யவே முடியாத அநீதி ஆகியவை தவிர, இதை நிறுத்த நீதிமன்றங்கள் பொதுவாகத் தடை தருவதில்லை. பில் தொகை பாக்கி என்ற நியாயமான குறைகூட இங்கே எடுபடாது. அது வேறு வழக்கு.

ஆனாலும் கேட்பவரும் பத்திரத்தின் சொற்களுக்குக் கட்டுப்பட்டவரே. இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்துக்கும் பீகார் அரசுக்கும் இடையிலான வழக்கில், தலைமைப் பொறியாளர் கேட்க வேண்டிய தொகையைச் செயற்பொறியாளர் கேட்டதால், அந்தக் கோரிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. ஆகவே உத்தரவாதம் எந்தப் பதவியின் பெயருக்குத் தரப்படுகிறது என்பதையும், மீறல் நடந்ததாகக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள். அலுவலகம் தரும் மாதிரிப் படிவத்தை மாற்றச் சம்மதிப்பது அபூர்வம் என்றாலும், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

வேலை இழுத்துக்கொண்டு போனால், காலாவதி நெருங்கும்போது "நீட்டித்துத் தாருங்கள், இல்லையேல் பணத்தைத் தாருங்கள்" என்று அலுவலகம் வங்கிக்கு எழுதும். வாசகத்துக்குப் பொருந்திவிட்டால் அதையும் வங்கி கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். நீட்டிப்புக்குக் கமிஷன், வங்கியில் ஈடாகக் கட்டும் மார்ஜின் பணம், புதிய முத்திரைத்தாள் எல்லாம் தேவைப்படுவதால், தேதிக்கு ஒரு மாதம் முன்பே கிளையை அணுகுவது நல்லது.

வேலையும், அதில் தெரியவரும் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலமும் முடிந்தபின், அசல் பத்திரத்தையும், கோரிக்கை எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் அலுவலகத்திலிருந்து வாங்கிக் கிளையில் கொடுங்கள். இவை கிடைத்தால் ஜூன் 30 வரை காத்திராமலேயே வைப்புத்தொகையை விடுவிக்கும்படி கேட்கலாம்.