ஸ்டிக் தானாக நகர்கிறதா? புதிய கன்ட்ரோலர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரில் கன்ட்ரோலர் பழுதுபார்க்கும் எங்களிடம் அதிகம் வரும் புகார் இதுதான்: விரலை எடுத்தபிறகும் கேமரா மெல்ல ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே போகிறது. சாதாரண ஸ்டிக்கின் உள்ளே கார்பன் பூசிய தடத்தில் ஒரு சிறு உலோக நுனி உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்தால், ஸ்டிக் நடுவில் நின்றாலும் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகவே கருவிக்குச் சமிக்ஞை போகும். டெட் ஸோன் என்பது அந்தச் சிறு சாய்வைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் எல்லை.

பிளேஸ்டேஷன் 5-இல் பலர் இதை Accessibility பகுதியில் தேடிக் களைத்துப்போகிறார்கள். அதனுடன் வரும் சாதாரண டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கு அங்கே டெட் ஸோன் கிடையாது. எட்ஜ் வகைக்கு மட்டும் அதன் சொந்த அமைப்பில் உண்டு. மற்றவர்கள் அந்தந்த விளையாட்டின் கன்ட்ரோலர் அமைப்பில்தான் பார்க்க வேண்டும். எல்லா விளையாட்டிலும் அது இருக்காது.

அளவை ஊகத்தில் வைக்காதீர்கள். முதலில் 0-க்குக் கொண்டுவந்து, ஸ்டிக்கைத் தொடாமல் பத்து விநாடி பாருங்கள். நகர்ந்தால் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 8-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், அது போதாது. ஸ்டிக்கை நான்கு பக்கமும் முழுவதும் தள்ளி, சட்டென்று விடுங்கள். தேய்ந்த ஸ்டிக் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வேறு வேறு இடத்தில் வந்து நிற்கும். இடப்பக்கமிருந்து விட்டபோது மீண்டும் நகர்ந்து, 11-இல்தான் அடங்கியது என்றால் 12 வையுங்கள். 20-ஐத் தாண்டினால் சிறிதாகக் குறிவைப்பது சிரமம், ஏனென்றால் ஸ்டிக்கை நன்றாகத் தள்ளிய பிறகே அசைவு தொடங்கும்.

Accessibility உதவுவது பட்டன் கோளாறுக்கு. அடிக்கடி போவது L3, அதாவது இடது ஸ்டிக்கை அழுத்தும் பட்டன். ஓடும் கட்டளை அதில் இருந்தால் பாத்திரம் ஓடாது. Settings, Accessibility, Controllers என்று போய் Custom Button Assignments-ஐ இயக்குங்கள். நீங்கள் அந்த விளையாட்டில் பயன்படுத்தாத பட்டன் ஒன்றுக்கு L3-இன் வேலையைக் கொடுங்கள். இது எல்லா விளையாட்டுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். விளையாட்டுக்குள்ளும் பட்டன் மாற்றம் செய்திருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து குழப்பும். ஒன்றை நீக்கிவிடுங்கள். திரையில் வரும் குறிப்பும் பழைய பட்டனையே காட்டும்.

டெட் ஸோன் தேய்மானத்தை மறைக்கும், நிறுத்தாது. இன்று 12 போதும், சில மாதங்களில் 16 கேட்கலாம். ஸ்டிக்கை மாற்றக் கொடுத்தால், சால்டர் செய்தபின் நடுநிலையைக் காலிபிரேட் செய்துதருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். அதைச் செய்யாவிட்டால் புதிய ஸ்டிக்கும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகவே சமிக்ஞை போகலாம்.