ஒட்டிய அட்டவணையை அணியாக எழுதும்போது எண்கள் எங்கே மாறுகின்றன?

எக்செல்லிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ ஒரு சிறிய அட்டவணையை நகலெடுத்து பைத்தான், ஆர், மேட்லாப் கோடில் நேரடியாக எழுத வேண்டியிருக்கிறது. அடைப்புக்குறி போடுவது எளிது. எண்கள் மாறாமல் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது. பிழைச் செய்தி வந்தால் கவலையில்லை, திருத்திவிடலாம். ஒன்றும் சொல்லாமல் தவறான அணி உருவாகிவிடும் இடங்களைத்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு மூன்று நிரை, மூன்று நிரல் கொண்ட ஒரு கணக்கு:

```
1,25,000	(3,200)	980
98,500		1,040
1,10,250	4,100	−75
```

முதல் சிக்கல் கமா. நமக்கு அது லட்சத்தையும் ஆயிரத்தையும் பிரிக்கும் குறி. மூன்று மொழிகளுக்கும் அது உறுப்புகளைப் பிரிக்கும் குறி. `1,25,000` என்று அப்படியே விட்டால் 1, 25, 0 என மூன்று எண்கள் ஆகிவிடும். பைத்தானில் `1,040` என்பது பிழை தரும், ஏனென்றால் அங்கே `040` போல பூஜ்யத்தில் தொடங்கும் முழு எண்ணை எழுதக் கூடாது. ஆனால் `000` எழுதலாம். ஆகவே `1,25,000` தடையின்றி உள்ளே போய்விடும். ஆரும் மேட்லாபும் `040`-ஐ 40 என்றே எடுத்துக்கொள்ளும்.

கமாவை நீக்குவதற்கு முன்னால் காலிக் கட்டங்களைக் கவனியுங்கள். எக்செல்லிலிருந்து வரும் அட்டவணையில் கட்டங்களுக்கு இடையே டேப் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு டேப் வந்தால் நடுவே காலி. அந்த இடத்தில் மேட்லாபில் `NaN`, பைத்தானில் `np.nan`, ஆரில் `NA` என்று நிரப்பிவிட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலிகள் இருந்தால் தேடி மாற்றும் வேலையை இரண்டு முறை ஓட்டுங்கள், ஒரே ஓட்டத்தில் ஒன்று தப்பிவிடும். காலியில் 0 போடாதீர்கள்; சராசரி மாறிவிடும். அதன்பின் கமாக்களை அழித்து, கடைசியாக டேப்களைக் கமாவாக்குங்கள். இந்த வரிசை தலைகீழானால் எந்தக் கமா எதற்கானது என்று பிரித்தறிய வழியில்லை.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் டேப்கள் பெரும்பாலும் வெற்று இடைவெளிகளாகிவிடும், காலிக் கட்டம் தடமில்லாமல் மறைந்துவிடும். இரண்டாம் நிரையில் இரண்டே எண்கள்தான் மிஞ்சும். அப்போது மூல அட்டவணையைக் கண்ணால் பார்த்து நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது கழித்தல் குறி. மூன்றாம் நிரையில் உள்ள `−` விசைப்பலகையில் இருக்கும் `-` அல்ல. அது U+2212 என்ற வேறொரு எழுத்து. மூன்று மொழிகளும் அதை ஏற்காது, அதனால் உடனே தெரிந்துவிடும். கணக்குப் புத்தக வழக்கப்படி அடைப்புக்குள் இருக்கும் (3,200) அப்படியல்ல. கமா போனபின் `(3200)` என்பது மூன்றிலும் சரியான எழுத்துதான். நட்டம் சத்தமில்லாமல் லாபமாகிவிடும்.

மேட்லாபுக்கென்று தனியாக ஒன்று உண்டு. `[4100 -75]` இரண்டு உறுப்புகள். `[4100 - 75]` ஒரே உறுப்பு, 4025. குறிக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அது கழித்தல் கணக்காகிவிடும்.

சுத்தம் செய்தபின் பைத்தானில்:

```python
import numpy as np
A = np.array([
    [125000, -3200,  980],
    [98500, np.nan, 1040],
    [110250,  4100,  -75],
])
```

ஆரில்:

```r
A <- matrix(c(
  125000, -3200,  980,
   98500,    NA, 1040,
  110250,  4100,  -75
), nrow = 3, byrow = TRUE)
```

மேட்லாபில்:

```matlab
A = [125000 -3200  980
      98500   NaN 1040
     110250  4100  -75];
```

பைத்தானில் ஒவ்வொரு நிரைக்கும் தனி அடைப்புக்குறி. மேட்லாபில் வரி முடிந்தால் நிரை முடிந்தது. ஆர் மட்டும் நிரைகளைப் பார்ப்பதில்லை. `c()` தருவது ஒரே நீண்ட எண் வரிசை. `matrix` அதை மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக நிரப்பும். நீங்கள் கோடில் எவ்வளவு அழகாக வரி பிரித்திருந்தாலும் அதற்குத் தெரியாது. `byrow = TRUE` மறந்தால், நம் 3×3 அட்டவணை நிரையும் நிரலும் இடம்மாறி நிற்கும். 2×3 போன்றவற்றில் அதைவிட மோசம்: எண்கள் கலைந்தே போகும்.

ஒரு நிரையில் எண் குறைந்தால் பைத்தானின் நம்பை நூலகமும் மேட்லாபும் மறுத்துவிடும் (நம்பையில் 1.24 பதிப்பு முதல்). ஆர் மறுக்காது. எட்டு எண்களைக் கொடுத்தால் ஒன்பதாவது இடத்தில் மறுபடி 125000-ஐ வைத்துவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் தரும். மூன்று காலிகள் மறைந்து ஆறு எண்கள் மிஞ்சினால் அந்த எச்சரிக்கையும் இல்லை; 3×2 அணி ஒன்று கிடைக்கும்.

ஆகவே நிரல்களின் கூட்டுத்தொகையை மூல அட்டவணையிலேயே கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிடுங்கள். பைத்தானில் `np.nansum(A, axis=0)`, ஆரில் `colSums(A, na.rm = TRUE)`, மேட்லாபில் `sum(A, 1, 'omitnan')`. நம் அட்டவணைக்கு 333750, 900, 1945 வர வேண்டும். இரண்டாவது 7300 என்றால் அடைப்புக்குறியில் இருந்த நட்டம் தொலைந்திருக்கிறது. முதலாவது 122780 என்றால் அது முதல் நிரையின் கூட்டுத்தொகை, `byrow` விடுபட்டிருக்கிறது.