சராசரி 5 என்றால் போதுமா?

பத்துக் கேள்விகள். ஐந்து எளியவை, ஒவ்வொன்றையும் சரியாக எழுத ஒரு மாணவருக்கு 0.9 நிகழ்தகவு. மீதி ஐந்து கடினம்; அவற்றுக்கு 0.1. அவர் எத்தனை கேள்விகளைச் சரியாக எழுதுவார்?

சராசரியைக் கண்டுபிடிக்க நிகழ்தகவுகளைக் கூட்டினால் போதும்: 4.5 + 0.5 = 5. இந்தக் கூட்டல் எப்போதும் செல்லும், கேள்விகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும்கூட.

பரவற்படியில்தான் (விலக்க வர்க்கச் சராசரி) பலர் வழுக்குகிறார்கள். ஒரு கேள்வியைச் சரியாக எழுதும் நிகழ்தகவு p என்போம்; அதன் முடிவைச் சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று எழுதுவோம், அதன் சராசரி p. 1-ஐ வர்க்கப்படுத்தினாலும் 1, 0-ஐ வர்க்கப்படுத்தினாலும் 0. ஆகவே வர்க்கத்தின் சராசரியும் p தான். அதிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்தால் p − p², அதாவது p(1−p). 0.9-க்கும் 0.1-க்கும் இது 0.09 தான். விடைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் பத்தையும் கூட்டலாம்: 0.9. திட்ட விலக்கம் ஏறத்தாழ 0.95.

சராசரி நிகழ்தகவு 0.5 தானே என்று எண்ணி, எல்லாக் கேள்விக்கும் ஒரே நிகழ்தகவு என்று கொள்ளும் ஈருறுப்புப் பரவலைப் போட்டால் 10 × 0.5 × 0.5 = 2.5 வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 1.6. நிகழ்தகவுகள் சராசரியிலிருந்து 0.4 விலகியிருக்கின்றன, அந்த விலகலின் வர்க்கம் 0.16, பத்து மடங்கு 1.6. நிகழ்தகவுகள் கலவையாக இருந்தால் பரவற்படி கூடும் என்றுதான் மனம் சொல்லும். நடப்பது நேர்மாறு, ஏனென்றால் எளிய கேள்வியும் கடினக் கேள்வியும் ஏறக்குறைய முடிவு தெரிந்தவை, ஊசலாட்டம் 0.5-இல்தான் உச்சம். எட்டோ அதற்கு மேலோ சரியாக வர ஈருறுப்புப் பரவல் 5.5% என்கிறது, உண்மையான விடை 0.5% அளவே.

ஆனால் எந்தக் கேள்விக்கு எந்த நிகழ்தகவு என்பது முன்பே நிலைத்திருக்க வேண்டும். இரண்டு வகையும் சம அளவில் நிறைந்த பெரிய தொகுப்பிலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியே குலுக்கி எடுத்தால், ஒவ்வொன்றும் 0.5 நிகழ்தகவுள்ள முயற்சியாகிவிடும்; பரவற்படி மீண்டும் 2.5.

இன்னொன்று மோசமானது. மாணவர் பாதி நாட்களில் நன்றாகப் படித்து வருகிறார், அன்று பத்துக் கேள்விக்கும் 0.9, மற்ற நாட்களில் பத்துக்கும் 0.1. நாளுக்குள் பரவற்படி 0.9. நாட்களுக்கிடையே சராசரி 9-க்கும் 1-க்கும் தாவுவதால் இன்னும் 16 சேர்கிறது, மொத்தம் 16.9. சராசரி அப்போதும் 5 தான்!

பல தேர்வுகளின் மதிப்பெண்கள் கையிலிருந்தால் இதைச் சோதிக்கலாம். அவற்றின் பரவற்படி Σp(1−p) ஐவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால், ஒன்று நிகழ்தகவு மதிப்பீடுகள் தவறு, அல்லது விடைகளை ஏதோ பொதுக் காரணம் சேர்த்து இழுக்கிறது. சராசரியை மட்டும் ஒப்பிட்டால் இரண்டாவது கோளாறு கண்ணில் படவே படாது.