விட்டுப்போன 59 மணி நேரமும் ஒரே ஒரு மெயிலும்

ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தின் பராமரிப்புப் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளை நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, மாடிப்படியில் விளக்கு எரியவில்லை என்று குடியிருப்பவர்கள் பதிவு செய்வார்கள். மணிக்கு ஒருமுறை ஒரு நிரல் ஓடி, கடந்த ஒரு மணி நேரத்தில் வந்த புகார்களைத் தொகுத்துப் பொறுப்பாளர்கள் 40 பேருக்கும் மெயில் அனுப்பும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு ஓடியதுதான் கடைசி. அதற்கப்புறம் அந்த சர்வர் படுத்துவிட்டது. புகார்களை வாங்கும் சர்வரும் தரவுத்தளமும் வேறு இடத்தில் இருந்ததால், புகார்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன. திங்கள் காலை 9.20-க்கு சர்வர் எழுந்தது. ‘விட்டுப்போன மணி நேரம் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஓடு’ என்று நான்தான் எப்போதோ சமர்த்தாக எழுதி வைத்திருந்தேன். வெள்ளி இரவு 11 மணி முதல் திங்கள் காலை 9 மணி வரை 59 ஓட்டங்கள். 40 பேருக்கு 2,360 மெயில்கள். அதில் பாதிக்கு மேல் ‘புதிய புகார் இல்லை’ என்று சொன்ன மெயில்கள் என்பதுதான் கொடுமை. “போன் நிக்காம அடிக்குது சார், என்ன ஆச்சு?” என்று ஒருவர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

இதில் கிரான் மீது பழி போட முடியாது. லினக்ஸில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, இந்த நிமிடத்துக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று அட்டவணையைப் பார்க்கும். அவ்வளவுதான். சர்வர் தூங்கிய நேரத்தில் எது விட்டுப்போனது என்ற நினைவு அதற்குக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த அனகிரான், ஒவ்வொரு வேலையும் கடைசியாக ஓடிய தேதியை `/var/spool/anacron` என்ற இடத்தில் குறித்து வைக்கும். பத்து நாள் விட்டுப்போனாலும் ஒரே ஒருமுறைதான் ஓட்டும். ஆனால் அதற்கு நாள் கணக்குதான் தெரியும், மணிக்கணக்கு தெரியாது. இப்போதைய சிஸ்டம்டி டைமர் மணிக்கணக்கிலும் அதையே செய்கிறது:

```
[Timer]
OnCalendar=hourly
Persistent=true
```

கடைசியாக எப்போது ஓடியது என்பதை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, எழுந்ததும் இடையில் ஒருமுறையாவது தவறியிருந்தால் உடனே ஒரு தடவை ஓட்டும். 59 தவறியிருந்தாலும் ஒரு தடவைதான்.

சரி, அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? தீரவில்லை. என் நிரல் ‘இப்போதிலிருந்து ஒரு மணி நேரம் பின்னால்’ என்றுதான் பார்த்தது. ஒரே தடவை ஓடினால் திங்கள் காலை 8.20-க்கு மேல் வந்த புகார்கள் மட்டும் போகும், மற்ற இரண்டரை நாள் அப்படியே காணாமல் போகும். அதைத் தவிர்க்கத்தான் 59 முறை ஓட்டும் சுற்றை எழுதினேன். ஈடுகட்ட வேண்டியது ஓட்டங்களின் எண்ணிக்கையை என்று நினைத்ததுதான் தப்பு. விட்டுப்போனது ஒரு கால அளவு. அதை ஒரே நீளத் துண்டாகப் பார்த்தால் ஒரு மெயில் போதும்.

ஆகவே இப்போது நிரல் கடிகாரத்தை முதலில் பார்ப்பதில்லை. ‘இவருக்கு எதுவரை சொல்லியாயிற்று?’ என்று தரவுத்தளத்தைக் கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அந்த எல்லை பதிவாகியிருக்கும். அங்கிருந்து இப்போதுவரை உள்ள புகார்களை எடுத்து ஒரே மெயிலாக அனுப்புகிறது. வழக்கமான நாளில் அந்தத் துண்டு ஒரு மணி நேரம். சர்வர் படுத்து எழுந்தால் 59 மணி நேரம். இரண்டுக்கும் ஒரே நிரல்தான், ஈடுகட்டுவதற்கென்று தனி வழி கிடையாது. தனி வழி இருந்தால் அது வருடத்துக்கு ஒருமுறைதான் ஓடும், ஓடும் அன்றைக்குத்தான் அதில் உள்ள பிழை தெரியும்.

‘இப்போதுவரை’ என்பதில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. 9.19.59-க்கு நேரம் குறிக்கப்பட்ட ஒரு புகார், தரவுத்தளத்தில் முழுதாகப் பதிவாக ஓரிரு நொடி பிந்தலாம். 9.20 வரை பார்த்துவிட்டேன் என்று எல்லையை நகர்த்திவிட்டால் அந்தப் புகார் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அதனால் மேல் எல்லையை இரண்டு நிமிடம் பின்னால் வைக்கிறேன். திங்கள் காலை 9.20-க்கு ஓடினால் 9.18 வரைதான்.

அடுத்தது, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சர்வர் மறுபடி படுத்தால்? 40 பேரில் 23 பேருக்குப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய பிறகு குறித்தால், குறிப்பதற்குள் விழுந்த அந்த ஒருவருக்கு இரண்டாவது மெயில் போகும். முதலில் குறித்துவிட்டு அனுப்பினால் அவருக்கு ஒன்றுமே போகாது. இந்த இடைவெளியை முழுதாக மூட வழியில்லை, ஏனென்றால் மெயில் சர்வரும் என் தரவுத்தளமும் இரண்டு தனி உலகங்கள். எது பரவாயில்லை என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். புகார் விஷயத்தில் இரண்டு தடவை போவது பரவாயில்லை. அதனால் அனுப்புவதற்கு முன்பே துண்டை எழுதி வைத்து, போன பிறகு ‘sent’ என்று மாற்றுகிறேன்:

```sql
INSERT INTO digest
  (recipient, from_ts, until_ts, status)
VALUES (:r, :from, :until, 'pending')
ON CONFLICT (recipient, from_ts) DO NOTHING;
```

இரட்டிப்பைத் தடுக்கும் சாவி கீழ் எல்லையில் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் நான் அதை `until_ts` மீது வைத்திருந்தேன். மறுபடி எழுந்து ஓடும்போது ‘இப்போது’ மாறிவிடும், மேல் எல்லை புதிதாகிவிடும், சாவியும் புதிதாகிவிடும். காவலாளி எல்லோரையும் உள்ளே விட்டுவிடுவான். கீழ் எல்லை, அந்த மெயில் போய்ச்சேரும் வரை மாறாது. பாதியில் நின்ற ‘pending’ வரிசை ஏற்கெனவே இருந்தால், அதில் எழுதியிருக்கும் மேல் எல்லையையே எடுத்துக்கொண்டு நிரல் தொடர்கிறது.

எல்லாவற்றையும் இப்படி ஒன்றாகக் கட்டிவிட முடியாது. ‘பராமரிப்புக் கட்டணம் செலுத்த நாளை கடைசி நாள்’ என்ற நினைவூட்டல் சனிக்கிழமை போயிருக்க வேண்டியது என்றால், திங்கள் அன்று அனுப்புவது பொய் சொல்வது. அதைத் தூக்கிப் போட வேண்டும், அதனால் அந்த வகைக்கு ‘இதற்கு மேல் அனுப்பாதே’ என்று ஒரு நேரம் உண்டு. பணம் கட்டிய ரசீதோ நேர்மாறு. எத்தனை நாள் தாமதமானாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போயாக வேண்டும், ஆனால் நிமிடத்துக்குச் சில என்று மெதுவாக. ஒரே மூச்சில் தள்ளினால் பெறும் மெயில் சர்வர்கள் 4-இல் தொடங்கும் குறியீட்டோடு ‘அப்புறம் வா’ என்று திருப்பிவிடும். அதைப் பிழை என்று எண்ணி நிரல் உடனே மறுபடி தட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கடைசியாக ஒரு பிரேக்கும் வைத்தேன். புகார்த் தொகுப்பில் ஒரு ஓட்டத்துக்கு ஆளுக்கு ஒரு மெயில்தான், ஆக 40. அனுப்பும் முன் வரிசையை எண்ணி, 40-ஐத் தாண்டினால் நிரல் ஒன்றையும் அனுப்பாமல் நின்று எனக்கு மட்டும் சொல்லும்.

பிறகு ஒருமுறை சர்வர் ஒரு இரவு முழுக்க நின்றது. காலையில் 40 மெயில்கள்தான் போயின. தலைப்பிலேயே எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று இருந்தது, உள்ளே 14 புகார்கள். ஒரு பொறுப்பாளர் மட்டும் பதில் எழுதினார்: “இதில் மூன்று நேற்று ராத்திரியே சரி செய்துவிட்டோமே.” மணிக்கணக்கில் போகும்போது இது கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் ஒரு மணி நேரத்தில் யாரும் எதையும் சரி செய்துவிடுவதில்லை. இப்போது அனுப்பும் நொடியில் புகாரின் நிலையைப் பார்த்து, முடிந்தவற்றை மெயிலின் அடியில் ஒரே வரியில் எண்ணிக்கையாகச் சொல்கிறேன்.